உண்ணியா, வண்டா? சமையலறைப் பூச்சியைப் படத்தில் படித்தறிதல்

(கட்டபெட்டில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திரையில் நீங்கள் பார்க்கும் படம் நம் கட்டபெட்டுக்குப் பக்கத்து ஹட்டி ஒன்றில், ஒரு வீட்டுச் சமையலறையில் எடுத்தது. கைபேசியை நெருக்கமாகக் கொண்டுபோய் எடுத்திருக்கிறார்கள். பழைய மர அலமாரி, தகர டப்பாவின் அடிப்பகுதி, சிந்திக் கிடக்கும் நாலைந்து கேழ்வரகு மணிகள். அவற்றின் நடுவே இந்த உயிர். உருண்டு திரண்ட உடம்பு. சிவப்பு கலந்த பழுப்பு நிறம். கண்ணாடி போன்ற மினுமினுப்பு. நீண்ட மெல்லிய கால்கள். ரத்தம் குடித்து உப்பிப்போயிருக்கிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

படத்தை அனுப்பிய அம்மா மூன்று கேள்வி கேட்டிருந்தார். "சார், இது உண்ணிதானே? வீட்டில் நாயும் மாடும் இருக்கு, பிள்ளைகளைக் கடிச்சா காய்ச்சல் வருமா? டப்பாவில் இருக்கிற கேழ்வரகை என்ன செய்ய?" இந்த மூன்று கேள்விகளுக்கும் படத்தை வைத்து எவ்வளவு தூரம் பதில் சொல்ல முடியும், எங்கே படம் நின்றுவிடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்த அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. அதே சமயத்தில் மக்களுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. அதைப் பரப்பியது காட்டு உண்ணி. பல ஆண்டுகள் அந்தப் பக்கத்திலேயே இருந்த நோய், 2012இன் இறுதியில் பந்திப்பூரில் தென்பட்டது. பந்திப்பூருக்கும் நம் முதுமலைக்கும் நடுவில் இருப்பது ஒரே காடு. ஆகவே நீலகிரியில் ஒருவர் உண்ணியைக் கண்டு கவலைப்பட்டால், அது சரியான கவலை. அந்தக் கவலைக்கு உரியதுதானா இந்தப் பூச்சி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பூச்சியின் பெயரைத் தேடிக்கொண்டு புறப்படாதீர்கள். உலகில் பெயர் வைத்த பூச்சி இனங்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரே நிறமும் ஒரே வடிவமும் உள்ளவை அவற்றில் ஏராளம். நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத் தேடினால் கண்ணுக்கு ஒத்துவரும் முதல் படத்தில் நின்றுவிடுவோம். முதலில் பார்க்க வேண்டியது அளவு. அடுத்தது கால்கள். அதற்கடுத்தது உணர்கொம்பு. கடைசியாக முதுகு. இந்த வரிசையில் போனால், பெயர் தெரியும் முன்பே அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கடிக்குமா, கடிக்காதா என்பதற்கு அநேகமாகக் கூட்டம் தெரிந்தாலே போதும்.

அளவைப் பார்ப்போம். நெருக்கமாக எடுத்த படத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும். எறும்பும் வெட்டுக்கிளி அளவுக்கு நிற்கும். இந்தப் படத்தில் நல்லவேளையாகக் கேழ்வரகு மணிகள் விழுந்திருக்கின்றன. ஒரு மணி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பூச்சியின் உடம்பு இரண்டு மணிகளைச் சேர்த்து வைத்த நீளத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூன்று மில்லிமீட்டருக்குள். இது ஏற்கெனவே ஒரு செய்தி சொல்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் நாய் உண்ணி ஒரு சென்டிமீட்டர் வரை பருக்கும். நிறமும் சாம்பலாக மாறிவிடும். மூன்று மில்லிமீட்டரில் இருக்கும் வளர்ந்த நாய் உண்ணி இன்னும் ரத்தம் குடிக்காதது. அது தட்டையாக இருக்கும். இங்கே நாம் பார்ப்பது சிறியது, ஆனால் உருண்டை. வளர்ந்த உண்ணியின் கணக்கில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேரவில்லை.

இனி கால்கள். எண்ணிப் பாருங்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் எட்டு என்கிறீர்கள். அந்த அம்மாவும் எட்டு என்றுதான் எழுதியிருந்தார். உண்ணிக்கும் சிலந்திக்கும் எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இது உண்ணியாகிவிடும். இந்தப் படத்தில் மிக அதிகமான பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு ஜோடியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.

மற்ற மூன்று ஜோடிகளும் எங்கிருந்து புறப்படுகின்றன என்று பாருங்கள்: உடம்பின் அடியிலிருந்து, பக்கவாட்டில். ஒவ்வொன்றிலும் தடித்த தொடைப்பகுதி, பிறகு முழங்கால் போன்ற மடிப்பு, பிறகு பாதம், நுனியில் நகம். இந்த முதல் ஜோடி அப்படியல்ல. தலையின் நெற்றியில், இரண்டு கண்களுக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல் முளைத்திருக்கிறது. தொடையில்லை, முழங்கால் மடிப்பில்லை, நகமில்லை. சிறு சிறு கணுக்கள் பாசிமணி கோத்தது போலத் தொடர்கின்றன. கவனமாக எண்ணினால் பதினொன்று வரும். இது கால் அல்ல, உணர்கொம்பு. உண்ணிக்கும் சிலந்திக்கும் உணர்கொம்பே கிடையாது. இந்த ஒரு ஜோடியை அடையாளம் கண்டதும் உண்ணி என்ற பேச்சு முடிந்தது. கால்கள் ஆறு, இது பூச்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஆறு கால் என்பதை மட்டும் வைத்து உண்ணி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால்தான். அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கும் உணர்கொம்பு இல்லை, தனித் தலையும் இல்லை. உடம்பின் முன்னால் சிறு வாய்ப்பகுதி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கால் எண்ணிக்கையைவிட உணர்கொம்பு உறுதியான சாட்சி.

கடைசியாக முதுகு. உணர்கொம்பு இருந்தும் ரத்தம் குடிப்பது ஒன்று நம் வீடுகளில் உண்டு. அது மூட்டைப்பூச்சி. அது தட்டையாக இருக்கும். வயிற்றின் மேல் வரிசையாகக் குறுக்குப் பட்டைகள் தெரியும். இறகுக்குப் பதிலாக இரண்டு சிறு தழும்புகள் மட்டும் இருக்கும். நம் படத்தில் குறுக்குப் பட்டை எதுவும் இல்லை. முதுகு முழுவதையும் வழுவழுப்பான ஓடு ஒன்று மூடியிருக்கிறது. அந்த ஓடுதான் முன்னிறகு. முன்னிறகு கெட்டியாகி உடம்பை ஓடாக மூடினால் அது வண்டு. இந்த வண்டில் இரண்டு முன்னிறகுகளும் ஒன்றோடொன்று இணைந்துபோயிருக்கின்றன. பின்னிறகு இல்லை. இதனால் பறக்கவே முடியாது. இன்னொன்றும் பாருங்கள்: உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை, கால்களிலும் உணர்கொம்பிலும் மட்டும் பொன்னிறமான மெல்லிய மயிர் அடர்ந்திருக்கிறது. வழுவழுப்பான உருண்டை உடம்பு, மயிர் அடர்ந்த கால், நீண்ட உணர்கொம்பு, மூன்று மில்லிமீட்டருக்குள் அளவு. இந்த நான்கும் சேர்ந்தால் அது ஜிப்பியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த சிலந்தி வண்டு. சிலந்தியைப் போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். சிலந்திக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது. சிலந்தி வண்டு ரத்தம் குடிப்பதில்லை, கொட்டுவதில்லை, தொட்டால் தோல் புண்ணாவதும் இல்லை. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நடக்கும். இரவில்தான் அதிகம் நடமாடும். பிள்ளைகளுக்கு அதனால் காய்ச்சல் வராது.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் படம் பதில் சொல்லாது. வீட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்த வண்டு தானியம், மாவு, மசாலாப் பொருள், உலர்ந்த பழம் எல்லாம் தின்னும். அதே அளவுக்கு எலிப் புழுக்கை, பறவைக் கூட்டுக் குப்பை, செத்த பூச்சிகள், பழைய கம்பளித் துணி இவற்றையும் தின்று பெருகும். பெரும்பாலான தானிய வண்டுகள் சமவெளி வெப்பத்தில்தான் வேகமாகப் பெருகுகின்றன. சிலந்தி வண்டுகள் குளிரையும் ஈரத்தையும் நன்றாகவே தாங்குகின்றன. மரத்தட்டு வைத்த பழைய கூரை, பரணில் அடைந்து கிடக்கும் சாக்குகள், மாதக்கணக்கில் விலகாத மூடுபனி ஆகியவை உள்ள மலைவீடு அதற்கு ஏற்ற இடம்.

அந்த அம்மாவிடம் டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். உயிருள்ள வண்டோ புழுவோ இல்லை. மணிகள் ஒட்டிப் பிடித்துக் கூடு கட்டியிருக்கவும் இல்லை. டப்பாவின் வெளியே, அலமாரிக்குப் பின்புறச் சுவரிலும் அதற்கு மேலே பரணிலும் தேடச் சொன்னேன். பரண் மூலையில் ஒரு பழைய எலி வளையும், அதைச் சுற்றிப் புழுக்கையும், அதன் நடுவே இதே வண்டுகள் கூட்டமாகவும் கிடந்தன. அங்கே பெருகியவற்றில் ஒன்றிரண்டு சமையலறைக்கு இறங்கி வந்திருக்கின்றன. கேழ்வரகைச் சலித்து, வாணலியில் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, இறுக மூடும் டப்பாவில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். கொட்ட வேண்டியது பரணில் இருந்த குப்பையைத்தான். வழக்கமாகச் சொல்வது போல வெயிலில் காயப்போடச் சொல்லவில்லை. சமவெளியில் மொட்டை மாடி வெயில் வண்டைக் கொல்லும். நம் ஊரில் மழையும் பனியும் உள்ள மாதங்களில் வெயிலில் விரித்த தானியம் அந்தச் சூட்டுக்கு ஏறாது, ஈரத்தைத்தான் இழுக்கும். டப்பாவிலேயே வண்டு ஓடியிருந்தால், தானியம் கட்டியாகித் துர்நாற்றம் அடித்திருந்தால், கொட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பூச்சிமருந்து அடிக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம். வண்டால் அந்த வீட்டில் யாருக்கும் கேடு இல்லை. சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் அடித்த மருந்தால் கேடு உண்டு. அவ்வளவும் செய்தாலும் பரணில் இருக்கும் குப்பை அப்படியே இருக்கும். அடுத்த தலைமுறை அங்கிருந்து புறப்பட்டு வரும்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, வண்டு என்றால் பயப்பட வேண்டியதில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த இரண்டாவது படம். இதுவும் வண்டுதான். ஆனால் வண்டு என்று பார்த்தவுடன் யாரும் சொல்லமாட்டார்கள். பெரிய எறும்பு என்பார்கள். நீளம் ஏழெட்டு மில்லிமீட்டர். தலை கறுப்பு, கழுத்துப்பகுதி ஆரஞ்சு, அதற்குப் பின்னால் நீலம் கலந்த கறுப்பில் ஒரு குட்டை ஓடு, பிறகு மறுபடி ஆரஞ்சு வயிறு, வால் நுனி கறுப்பு. வண்ணங்கள் இப்படி மாறி மாறி வருவதைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். எறும்புக்கு வயிற்றின் முன்னால் நூல் போன்ற இடுப்பு இருக்கும். இதற்கு அந்த இடுப்பு கிடையாது. எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல மடியும், இதற்கு மடியாது. நடுவில் இருக்கும் அந்தக் குட்டை ஓடுதான் முன்னிறகு. அது வயிற்றின் பெரும்பகுதியை மூடாமல் விட்டிருக்கிறது. இது பெடெரஸ் என்னும் வண்டு. செய்தித்தாள்களில் ஆசிட் பூச்சி என்று எழுதுகிறார்கள்.

இது கடிக்காது, கொட்டாது. வயலில் பயிர் தின்னும் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நல்ல வேட்டைக்காரன். ஆனால் இதன் உடல் திரவத்தில் பெடெரின் என்ற நஞ்சு இருக்கிறது. கையில் ஊர்ந்தால் ஒன்றும் ஆகாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று தட்டி நசுக்கினால், நசுங்கிய இடத்தில் நஞ்சு பரவும். அப்போது எரிச்சல் தெரியாது. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் கோடு இழுத்தது போலச் சிவந்து கொப்புளம் வரும். இடையில் போன நேரத்தில் பூச்சியை மறந்துவிடுவோம். கொப்புளத்தைப் பார்த்து அக்கி என்று நினைப்பவர்கள் நிறைய. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் நூறு மாணவர்கள் வரை இதனால் பாதிக்கப்பட்டார்கள். மழைக்காலத்தில் இரவு விளக்கைத் தேடி வரும் பூச்சி இது. சமையலறை விளக்குக்கும் வரும்.

ஆகவே இதைப் படத்தில் அடையாளம் கண்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நசுக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். முதல் படத்தில் இருந்தது பயமுறுத்தும் தோற்றம், கேடு இல்லை. இரண்டாவதில் அழகான தோற்றம், கேடு உண்டு. தோற்றத்தை வைத்துத் தீங்கை அளக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும்விட நல்ல சான்று நம் சமையலறையில் கிடைக்காது.

சில சமயம் படம் சரியான பெயர் வரை நம்மைக் கொண்டுபோகாது. அப்படிப்பட்ட ஒன்றையும் பார்ப்போம். மல்லித்தூளிலும் மிளகாய்த்தூளிலும் வரும் சிறு பழுப்பு வண்டைத் தெரியாத வீடு இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர், கூனல் முதுகு, தலையைக் கீழே கவிழ்த்துக்கொண்டிருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் முன்னிறகில் நெடுக்காக நுண்ணிய கோடுகள் இருக்கும், உணர்கொம்பின் கடைசி மூன்று கணுக்கள் மட்டும் பெரிதாக இருக்கும். அது மருந்துக்கடை வண்டு. மற்றொன்றின் முன்னிறகில் கோடு இல்லை, உணர்கொம்பு முழுவதும் ரம்பப் பல் போல இருக்கும். அது சிகரெட் வண்டு. சாதாரணக் கைபேசிப் படத்தில் இந்தக் கணுக்கள் தெரியாது. தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. இரண்டும் கடிக்காது, இரண்டும் மசாலாவைத்தான் கெடுக்கும், இரண்டுக்கும் செய்ய வேண்டியதும் ஒன்றே: அந்தத் தூளைக் கொட்டி, பக்கத்தில் இருக்கும் மற்ற டப்பாக்களையும் திறந்து பார்ப்பது. கூட்டம் வரைக்கும் உறுதியாகச் சொல்லி, அதற்கு மேல் போகாமல் நிற்பதுதான் அங்கே நேர்மை.

படம் எடுப்பவர்களுக்கு இப்போது சில வார்த்தை. பூச்சியை ஒரு கண்ணாடி டம்ளரால் மூடி, அடியில் காகிதத்தைச் செருகிப் பிடியுங்கள். மூடிய சிறு டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்தால் ஓட்டம் அடங்கும், சாகாது. வெள்ளைத் தாளின் மேல், பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மினுங்கும் ஓட்டில் அது வெள்ளைத் திட்டாகப் பட்டு, பார்க்க வேண்டிய கோட்டை மறைத்துவிடும். கைபேசியை மிக நெருக்கினால் படம் மங்கும். கொஞ்சம் விலகி நின்று, படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் ஒன்று. உணர்கொம்பு எங்கிருந்து முளைக்கிறது என்பது பக்கத்துப் படத்திலும், கால்கள் எத்தனை என்பது அடிப்பக்கப் படத்திலும்தான் தெளிவாகத் தெரியும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை மட்டும் அனுப்பியதால்தான் அந்த அம்மாவுக்கு எட்டுக் கால் தெரிந்தது.

படத்தோடு நாலு வரி எழுதி அனுப்புங்கள்: எங்கே இருந்தது, எதன் மேல் இருந்தது, ஒன்றா பலவா, பகலா இரவா. எலி வளை இருக்கும் பரணைப் படம் காட்டாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். படம் போதாது என்று சொன்னால் பூச்சியையே ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுவையுங்கள். கைக்குத் தேய்க்கும் திரவ சானிடைசரும் போதும். குன்னூரில் உபாசி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது. 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகமும் அங்கேதான். பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. உடம்பில் உண்ணி கடித்துப் பிடித்திருந்தால், முதலில் எடுங்கள். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், ஒரே சீராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, எடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், உண்ணியைப் புட்டியில் போட்டுவையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததையும் தேதியையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கும் வரை இருக்காதீர்கள். கண்ணில் பெடெரஸ் பட்டு வீங்கினாலும், எந்தப் பூச்சி கடித்தும் மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ, நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே பூச்சியின் பெயரைவிட உங்கள் உடம்பு சொல்லும் அறிகுறிதான் பெரிது.

பேச்சு இத்துடன் போதும். இந்த மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருக்கிறேன். முதல் தட்டில் சிலந்தி வண்டு, இரண்டாவதில் நாய் உண்ணி, மூன்றாவதில் மசாலா வண்டு. எல்லாம் ஸ்பிரிட்டில் போட்டவை, தொடலாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. வரிசையாக வந்து பாருங்கள். தட்டின் பெயரைப் படிக்கும் முன் உணர்கொம்பு இருக்கிறதா என்று மட்டும் தேடிச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டில் பார்த்தவற்றைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.